பங்கிலாபமும் அதன் மீதான வரியும்

கம்பனிப் பங்குகளை வைத்திருப்போர் நம் பழைய மாணவருள் முன்னெக்காலத்தினும் இன்று அதிகம். சிலர் தாமே வாங்கியவர். சிலர் தந்தையாரோ பாட்டனாரோ விட்டுச் சென்றவற்றைப் பெற்றவர். இவர்கட்கு ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ பங்கிலாபம் வருகின்றது. அத்துடன் ஒரு சீட்டும் வருகின்றது. பணம் வங்கிக் கணக்கிற் சேர்ந்துவிட்டதென்ற நிறைவிலே அச்சீட்டைப் படியாது மடித்து வைப்பவரே பெரும்பாலார். ஆயின் அச்சீட்டிலுள்ள மூன்று தொகைகளின் பொருளை அறியாதவர், திரும்பி வராத வரியைத் திருப்பிக் கேட்டு அலைதலும், ஒருமுறை செலுத்திய வரியை அறியாமல் மறுமுறையுஞ் செலுத்துதலும் கண்கூடு. ஆதலின் இலங்கையில் வதியும் ஒரு தனியாள், இலங்கைக் கம்பனியொன்றிடமிருந்து பெறும் பங்கிலாபத்தின் மீதான வரியை மாத்திரம் இங்கு எடுத்து விளக்க முற்படுகின்றோம். பிறநாட்டுக் கம்பனிகளின் பங்கிலாபத்துக்கும், பிறநாட்டில் வதிவோருக்கும் உரிய விதிகள் வேறு. அவற்றை ஈண்டுத் தொடவில்லை.

முதலிற் பணம் எங்கிருந்து வருகின்றதென நோக்குவோம். கம்பனி ஒன்று ஓராண்டில் நூறு ரூபா இலாபம் ஈட்டியதாகக் கொள்வோம். கம்பனிகளின் வருமானத்துக்குரிய பொது வரி வீதம் இன்று நூற்றுக்கு 30. எனவே 30 ரூபாவை அரசிறைக்குச் செலுத்தியபின் எஞ்சுவது 70 ரூபா. பணிப்பாளர் சபை இவ் வெழுபது ரூபாவையும் பங்காளருக்குப் பகிர்ந்தளிக்கத் தீர்மானிப்பின், கொடுக்கும்போதே நூற்றுக்கு 15 வீதம், அதாவது 10 ரூபா 50 சதம், கழித்து வைத்துக்கொண்டு மிகுதியைக் கொடுத்தல் வேண்டும். பங்காளர் கையிற் சேர்வது 59 ரூபா 50 சதம். கம்பனி செலுத்திய முப்பது ரூபாவுக்காகப் பங்காளருக்கு எவ்விதக் கழிவும் இல்லை. ஒரே இலாபத்துக்கு இரு முறை வரியா என்று கேட்பார் கேட்கலாம். கம்பனி வேறு, பங்காளர் வேறு, இருவரும் தனித்தனி வரியிறுப்போர் என்பதே சட்டத்தின் விடை. அவ்விடை பங்காளருக்கு உவப்பானதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு கொடுக்கும்போதே கழிக்கும் வரிக்கு முற்பண வருமான வரி என்று பெயர். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ஏற்பட்டு, 2023 சனவரி 1ஆந் திகதி தொடக்கம் கட்டாயமாக நடைமுறையில் உள்ளது. கழிப்பது கம்பனியின் கடமை. கழித்த தொகையை அம்மாதம் முடிந்து பதினைந்து நாட்களுள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புவதும் கம்பனியின் கடமையே. பங்காளர் இதன்பொருட்டுச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. சீட்டைப் பத்திரப்படுத்துவது ஒன்றே.

ஆயினும் அப்பெயர் பலரை மயக்குகின்றது. முற்பணம் என்றவுடன், ஆண்டு முடிவிற் கணக்குப் பார்த்து, கூடுதலாகப் போயிருந்தால் மீளப் பெறலாம் என எண்ணத் தோன்றுகின்றது. சம்பளத்திலும் வங்கி வட்டியிலும் கழிக்கப்படுவது அத்தகையதே. பங்கிலாபத்தின் நிலை வேறு. வதிவுள்ள கம்பனி கொடுக்கும் பங்கிலாபத்திற் கழிக்கப்பட்ட 15 வீதத்தைச் சட்டம் இறுதியான பிடித்தமாகக் கொள்கின்றது. இறுதியானது என்றால், அத்தோடு அவ்வருமானத்தின் வரிக்கணக்கு முடிந்தது என்பதாம். அப்பங்கிலாபம் பங்காளரின் ஏனைய வருமானத்தோடு கூட்டப்படுவதில்லை. அவருடைய தனியாள் நிவாரணம் அதிலிருந்து கழிக்கப்படுவதில்லை. பிடித்த வரி அவருடைய வேறு வரிக்கு ஈடு செய்யப்படுவதுமில்லை. இவ்வொரு சொல்லிலேயே முழு விடயமும் தங்கியிருப்பதால், அதனை ஓர் உதாரணத்தால் விரித்துரைப்போம்.

யாழ்ப்பாணத்தில் வதியும் ஓர் அம்மையாரைக் கருதுவோம். கணவர் காலமானபின் அவர் வைத்திருந்த பங்குகள் இவருக்குச் சேர்ந்தன. அவற்றால் ஆண்டுக்கு 400,000 ரூபா பங்கிலாபம் வருகின்றது. வங்கியிலுள்ள நிலையான வைப்பினால் 600,000 ரூபா வட்டி கிடைக்கின்றது. வேறு வருமானமில்லை. பங்கிலாபத்தில் 15 வீதம் கழிக்கப்படுவதால் 60,000 ரூபா போகின்றது. வட்டியின் மீதான பிடித்தம் 2025 ஏப்பிரில் 1 முதல் நூற்றுக்கு 10; ஆதலின் அதிலும் 60,000 ரூபா போகின்றது. இரண்டும் ஒரே தொகை. இரண்டும் முற்பண வருமான வரி என்ற ஒரே பெயரையுடையன. ஆனால் அவற்றின் கதி ஒன்றன்று.

2025 ஏப்பிரில் தொடங்கிய மதிப்பீட்டாண்டு முதல் தனியாள் நிவாரணம் 1,800,000 ரூபா. அம்மையாரின் வட்டி இதற்கு மிகவுங் கீழ்ப்பட்டது. ஆதலின் வட்டிக்கு அவர் இறுக்க வேண்டிய வரி எதுவுமில்லை. அவர் தமது வரி அடையாள இலக்கத்துடன் உரிய பிரகடனத்தை வங்கிக்குக் கொடுத்துப் பிடித்தத்தையே தவிர்த்துக்கொள்ளலாம். கொடுக்கத் தவறினால், வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பித்துப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பங்கிலாபத்திற் போன அறுபதினாயிரமோ இறுதியானது. அதற்குப் பிரகடனமுமில்லை, மீளப்பெறுதலுமில்லை. தம் நிவாரணத்தில் பன்னிரண்டு இலட்சம் பயன்படாது கிடக்கின்றதே என அவர் வாதிட்டும் பயனில்லை.

இனிக் கொழும்பிலே பெருஞ் சம்பளம் பெறும் ஒரு வைத்தியரைக் கருதுவோம். நிவாரணத்துக்குப் பின் எஞ்சும் வருமானத்தில் முதற் பத்து இலட்சத்துக்கு 6 வீதமும், பின்னர் ஐந்தைந்து இலட்சமாக 18, 24, 30 வீதங்களும், அதற்கு மேற்பட்டதற்கு 36 வீதமும் வரியாகும். வைத்தியர் ஏலவே 36 வீதப் படியை எட்டிவிட்டார். அவருக்கும் 400,000 ரூபா பங்கிலாபம் வருமாயின் அவரிடமிருந்தும் கழிக்கப்படுவது 60,000 ரூபாவே. அப்பங்கிலாபம் அவருடைய சம்பளத்தோடு கூட்டி மதிக்கப்பட்டிருப்பின் 144,000 ரூபா செலுத்தியிருப்பார். ஆகவே இறுதி வரி என்னும் ஏற்பாடு வைத்தியருக்கு 84,000 ரூபாவை மிச்சப்படுத்துகின்றது; அம்மையாரிடமிருந்தோ, மதித்திருந்தால் வந்திராத 60,000 ரூபாவைப் பெறுகின்றது. 18 வீதத்திலும் அதற்கு மேற்பட்ட படிகளிலும் இருப்போருக்கு இது நன்மை. வரியே இல்லாதோருக்கும் 6 வீதப் படியில் நிற்போருக்கும் இது நட்டம். கணக்கு எளிமையாவதும் வரி தப்பிப் போகாமல் வந்து சேர்வதும் இவ்வேற்பாட்டின் பயன்கள் என்பர். அவை உண்மையே. ஆயின் அவ்வெளிமையின் விலையைச் சிறு பங்காளரே கொடுக்கின்றார் என்பது எம் கருத்து.

ஆதலின் சிறு வருமானமுடையோர் தம் சேமிப்பை எங்கு வைப்பது என்று ஆராயும்போது, பங்கிலாப வீதத்தையும் வைப்பு வட்டி வீதத்தையும் அப்படியே ஒப்பிடலாகாது. வரி இறுக்க வேண்டாத ஒருவருக்கு நூறு ரூபா வட்டி நூறு ரூபாவாகவே நிற்கும்; நூறு ரூபா பங்கிலாபம் எண்பத்தைந்து ரூபாவே. அறுபதினாயிரம் ரூபா வட்டிக்கு நிகராக வேண்டுமாயின் ஏறத்தாழ எழுபதினாயிரத்து அறுநூறு ரூபா பங்கிலாபம் அறிவிக்கப்படல் வேண்டும்.

அடுத்து, பங்கிலாபச் சீட்டைப் படிக்கும் முறைக்கு வருவோம். சாதாரணமான சீட்டு மிக எளியது. ஒருவரிடம் 12,000 பங்குகள் உள்ளன. பங்கொன்றுக்கு 5 ரூபா அறிவிக்கப்பட்டது. மொத்தம் 60,000 ரூபா, கழித்த வரி 9,000 ரூபா, தேறிய தொகை 51,000 ரூபா. வங்கிக் கூற்றிலே தோன்றுவது கடைசித் தொகை மட்டுமே. சீட்டுத் தொலைந்துபோயின், தேறிய தொகையை 0.85ஆற் பிரித்தால் மொத்தத் தொகை கிடைக்கும்: 51,000ஐ 0.85ஆற் பிரிக்க 60,000 வருதல் காண்க. தேறிய தொகையின் மீது 15 வீதங் கூட்டிப் பார்ப்போரும் உளர். 58,650 என வரும் அக்கணக்குப் பிழையானது.

ஆனால் எல்லாச் சீட்டுக்களும் இவ்வளவு எளியன அல்ல. பிற கம்பனிகளின் பங்குகளைத் தம்மிடம் வைத்திருக்கும் பெருங் கம்பனிகள் சில, தாம் பெற்ற பங்கிலாபத்திலிருந்து தம் பங்காளருக்குப் பங்கிலாபங் கொடுக்கின்றன. அப்பணத்தில் முதற் கம்பனி கொடுத்தபோதே 15 வீதம் பிடிக்கப்பட்டுவிட்டது. மீண்டும் பிடித்தால் ஒரே பணம் படிதோறுந் தேய்ந்துபோகும். அதனைத் தவிர்க்கும்பொருட்டு, ஏற்கெனவே பிடித்தத்துக்குட்பட்ட பங்கிலாபத்திலிருந்து வந்த பகுதியைச் சட்டம் வரியினின்றும் விலக்கியுள்ளது. இத்தகைய கம்பனியின் 10,000 பங்குகளுக்குப் பங்கொன்றுக்கு 4 ரூபா வீதம் 40,000 ரூபா அறிவிக்கப்பட்டது எனவும், அதில் 1 ரூபா 50 சதம் பெற்ற பங்கிலாபத்திலிருந்து வந்தது எனவுங் கொள்வோம். விலக்குப் பெற்ற பகுதி 15,000 ரூபா. எஞ்சிய 25,000 ரூபாவுக்கே 15 வீதம். அது 3,750 ரூபா. பங்காளர் பெறுவது 36,250 ரூபா. மொத்தத்திற்குப் பிடித்தது நூற்றுக்கு 9 சொச்சமே. இதைக் கண்டு கம்பனி குறைத்துப் பிடித்துவிட்டதென்றோ, நாளைக்குத் திணைக்களம் மிகுதியைக் கேட்குமென்றோ அஞ்ச வேண்டியதில்லை. சீட்டில் இரு வரிகளாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றதா என்று மாத்திரம் பார்த்துக்கொள்க. இவ்வகைச் சீட்டுக்கு மேலே சொன்ன 0.85 கணக்குப் பொருந்தாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். விசேட வரிச் சலுகை பெற்ற சில கம்பனிகள் வரிவிலக்குள்ள இலாபத்திலிருந்து கொடுக்கும் பங்கிலாபமும் இவ்வாறு பிடித்தமின்றி வரக்கூடும். அதையுஞ் சீட்டே கூறும்.

மற்றொரு வகை, காசுக்குப் பதிலாகப் பங்குகளாகவே வழங்கப்படும் பங்கிலாபம். நம் நாட்டு வங்கிகள் இதனை அடிக்கடி கையாளுகின்றன. மூலதனம் வெளியே போகாது வங்கியினுள்ளேயே நிற்குமாதலின் அவர்கட்கு இது வசதி. காசு கைக்கு வரவில்லையே, வரி எப்படி என்று வினவுவோர் பலர். வரியுண்டு. 5,000 பங்குகளையுடைய ஒருவருக்குப் பங்கொன்றுக்கு 4 ரூபா காசாகவும் 2 ரூபா பங்காகவும் அறிவிக்கப்பட்டதெனக் கொள்வோம். காசுப் பகுதி 20,000 ரூபா. வரி 3,000 போக 17,000 ரூபா கிடைக்கும். பங்குப் பகுதி 10,000 ரூபா. வரி 1,500 போக 8,500 ரூபா மிஞ்சும். புதிய பங்கின் விலை 130 ரூபா எனக் கம்பனி நிர்ணயித்திருப்பின், 8,500 ரூபாவுக்கு 65 பங்குகள் வழங்கி, 50 ரூபா மிகுதியாகும். அரைகுறைப் பங்கை ஒருவருக்குக் கொடுக்க இயலாதாகையால், பங்காளர் எல்லாருடைய இத்தகைய மிகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்து விற்று, வரும் பணத்தைத் தருமத்துக்குக் கொடுப்பது பல கம்பனிகளின் வழக்கம். 65 பங்குகளுக்குப் பதிலாக 76 பங்குகள் வரவேண்டுமே என்று எதிர்பார்த்து முறையிடுவோர், பதினாயிரத்தை நேராக 130ஆற் பிரித்துவிட்டவர். வரியை முதலிற் கழித்தாற் கணக்குச் சரியாகும்.

இனி வருமான வரி விபரத்திரட்டை நிரப்பும்போது நேரும் தவறுகளைக் கூறுவோம். சம்பளமோ வாடகையோ வேறு வருமானமோ உள்ளவர் ஆண்டுதோறும் நவம்பர் 30ஆந் திகதிக்குள் விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கின்றார். அவருட் சிலர் நேர்மையின் மிகுதியால், பங்கிலாபத்தையும் ஏனைய வருமானத்தோடு கூட்டிவிடுகின்றனர். மேற்படி வைத்தியர் தம் 400,000 ரூபாவை அவ்வாறு கூட்டினால், அதற்கும் 36 வீதம் கணக்கிடப்படும். ஏலவே போன 60,000 ரூபாவை வரவு வைக்கக் கேட்டால், அது இறுதிப் பிடித்தமாதலின் மறுக்கப்படலாம். இரட்டை இழப்பு! இறுதி வரி செலுத்தப்பட்ட வருமானம் அதற்குரிய இடத்திலே காட்டப்பட வேண்டும். வரிக்குரிய மொத்த வருமானத்திற் சேர்க்கப்படலாகாது.

காட்டவே வேண்டாமென்று விட்டுவிடுவதும் நன்றன்று. விபரத்திரட்டோடு சொத்துக்களும் பொறுப்புக்களும் அடங்கிய கூற்றொன்றும் கொடுக்க வேண்டியுள்ளது. பத்து ஆண்டு பங்கிலாபத்தைச் சேர்த்து ஒருவர் காணி வாங்குவாராயின், அப்பணம் எங்கிருந்து வந்ததென்று வினவப்படும். அப்பொழுது அவருக்குத் துணை நிற்பவை அப்பத்து ஆண்டுச் சீட்டுக்களே.

பங்கு வாங்குவதற்காகக் கடன்பட்டவர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தரகர் நிறுவனத்திடமோ வங்கியிடமோ கடன் பெற்று, ஆண்டுக்கு 100,000 ரூபா வட்டி கட்டி, அப்பங்குகளால் 120,000 ரூபா பங்கிலாபம் பெறும் ஒருவரின் உண்மையான ஆதாயம் 20,000 ரூபாவே. ஆனால் வரி முழு 120,000 ரூபாவுக்கும் பிடிக்கப்படும். அது 18,000 ரூபா. இறுதிப் பிடித்தத்துக்குட்பட்ட வருமானத்தை ஈட்டுதற்காகச் செய்த செலவை எங்குங் கழிக்கச் சட்டம் இடந்தராது. அவருக்கு மிஞ்சுவது 2,000 ரூபா. பங்கின் விலை உயருமென்ற நம்பிக்கையினாலன்றி, பங்கிலாபத்தை நம்பி மாத்திரம் கடன்படுவது எத்துணைப் பேதைமை என்பதை இக்கணக்கே காட்டும்.

கடைசியாக, நம் பகுதியாருக்குச் சிறப்பாக உரிய ஒரு விடயம். போர்க் காலத்திலே இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில், காலஞ்சென்ற பெரியவர்களின் பெயரிற் பங்குகள் இன்னும் உள்ளன. முகவரி மாறியதாற் பங்கிலாபச் சீட்டுக்கள் போய்ச் சேரவில்லை. காசோலைகள் மாற்றப்படாமற் காலங் கடந்தன. இன்று உரிமையை நிறுவிப் பழைய பங்கிலாபத்தைப் பெற முயல்வோர், வெவ்வேறு ஆண்டுச் சீட்டுக்களில் வெவ்வேறு வீதத்தில் வரி பிடிக்கப்பட்டிருப்பதைக் கண்டு திகைக்கின்றனர். காரணம் இது: 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பங்கிலாபத்தின் பிடித்தம் நூற்றுக்கு 10 ஆக இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஏப்பிரில் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபோது அது 14 ஆயிற்று. 2020 சனவரி 1 முதற் கட்டாயப் பிடித்தம் நீக்கப்பட்டது. 2023 சனவரி 1 முதல் இன்றைய 15 வீதம் வந்தது. எனவே ஒவ்வொரு சீட்டையும் அது கொடுக்கப்பட்ட திகதியின் விதியைக் கொண்டு நோக்க வேண்டும். இன்றைய வீதத்தைப் பழைய சீட்டின் மீது ஏற்றிப் பார்த்தல் ஆகாது.

இடையில் வரும் அம்மூன்று ஆண்டுகள் தனிக் கவனத்துக்குரியவை. 2020, 2021, 2022ஆம் ஆண்டுகளிற் பிடித்தம் இல்லாது வந்த பங்கிலாபத்துக்கு வரியே இல்லையெனப் பலர் எண்ணினர். அது தவறு. பிடித்தம் நீங்கினமையால் அது இறுதியானது என்ற தன்மையும் நீங்கிற்று. அப்பங்கிலாபத்தைப் பங்காளரே தம் விபரத்திரட்டில் வருமானமாகக் காட்ட வேண்டியதாயிற்று. ஆயின் 2020/21, 2021/22 மதிப்பீட்டாண்டுகளில் தனியாள் நிவாரணம் 3,000,000 ரூபாவாக இருந்தமையால், மேலே கண்ட அம்மையாரைப் போன்றோருக்கு உண்மையில் வரி ஏற்படவில்லை. அக்காலத்தில் 400,000 ரூபா முழுவதும் அவர் கையிற் சேர்ந்திருக்கும். இன்று சேர்வது 340,000 ரூபா. பெருவருமானமுடையோர் நிலையோ வேறு. அவ்வாண்டுகளிற் பிடித்தமின்றி வந்த பெருந் தொகைகளைக் காட்டாது விட்டவர், பழைய சீட்டுக்களையும் வங்கிக் கூற்றுக்களையும் எடுத்து, வரித்துறை அறிந்த கணக்காளரொருவரோடு அமர்ந்து பார்த்துக்கொள்வது நல்லது. கம்பனியின் பதிவாளரிடம் அல்லது மத்திய வைப்புத் திட்டக் கணக்கை வைத்திருக்கும் தரகரிடம் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு இலக்கம், வரி அடையாள இலக்கம் ஆகியவற்றை ஒருமுறை திருத்திக் கொடுத்துவிட்டால், இனி வரும் சீட்டுக்களாவது உரியவர் கையை வந்தடையும்.